ஐந்து வரிப் பாட்டு, ஆறு பீரியட்: ஒன்பதாம் வகுப்பில் கவிதை நயம் நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு பாட்டுக்கு ஆறு பீரியடா? அதுவும் ஐந்து வரிப் பாட்டுக்கு?

ஆமாம். ஏன் என்று சொல்கிறேன். ‘நயம் பாராட்டுக’ என்ற கேள்விக்கு வரும் விடைத்தாள்களைத் திருத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: “காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை”, “மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை”, “அணியற்ற கவிதை பணியற்ற வனிதை” என்று மூன்று வாசகம், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு சொல் எடுத்துக்காட்டு, கடைசியில் “இப்பாடல் படிப்போர்க்கு இன்பம் பயக்கிறது”. இதை எழுதப் பாட்டைப் படிக்கவே வேண்டாம், அடிகளின் முதல் எழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் பார்த்தால் போதும். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நாம் மதிப்பெண் போட்டதால்தான் அவர்கள் அப்படி எழுதுகிறார்கள்.

இந்த அலகுத் திட்டம் ஒரே ஒரு விதியை வைத்து ஓடுகிறது. பிள்ளை எழுதிய பதிலை அப்படியே எடுத்து வேறொரு பாட்டுக்குக் கீழே ஒட்ட முடிந்தால் அது நயம் அல்ல. இந்தப் பழக்கம் வருவதற்கு ஒரு சின்னப் பாட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் நாற்பது நிமிடப் பீரியட் ஆறு.

எந்தப் பாட்டு?

புறநானூற்றின் 112ஆம் பாடல், பாரி மகளிர் பாடியது. பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் எளிமை மட்டுமல்ல. இதில் உவமை இல்லை. ‘அழுதோம்’, ‘வருந்தினோம்’, ‘ஐயோ’ எதுவும் இல்லை. அணியைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதித் தப்பிக்க வழியில்லாத பாட்டு. ஆனாலும் படித்து முடித்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதி எந்தச் சொல்லால் வந்தது என்பதுதான் ஆறு பீரியடுக்கும் வேலை.

முதல் நாளே பொருளைச் சொல்லிவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனால் அதோடு பாட்டும் முடிந்துவிடும். பொருள் சொன்ன நிமிடத்தில் பிள்ளைகள் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பிப்பார்கள், அப்புறம் அந்த ஐந்து வரியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் பீரியடில் நான் செய்வது இவ்வளவுதான். கரும்பலகையில் பாட்டைப் பதம் பிரித்து எழுதுகிறேன். மெதுவாக ஒரு முறை படிக்கிறேன், ஒரு மாணவியைப் படிக்கச் சொல்கிறேன், பிறகு வகுப்பே சேர்ந்து படிக்கிறது. பிறகு மூன்று கேள்வி: பேசுவது ஒருவரா பலரா? எந்தச் சொல்லால் தெரிந்தது? இவர்களிடம் முன்பு இருந்து இப்போது இல்லாதது என்ன? ‘உடையேம்’, ‘எம்’, ‘யாம்’ ஆகியவற்றைப் பிடித்துப் பன்மை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அருஞ்சொற்பொருளில் எந்தை (எம் தந்தை), எறி முரசு (அறையும் முரசு) இரண்டை மட்டும் தருகிறேன்.

‘திங்கள்’ என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். ஒரு வருடம் ஒரு பையன் “போன திங்கக்கிழமை அப்பா இருந்தாரு சார்” என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் பாதி சரி, காலத்தைக் குறிக்கும் சொல் என்பதைப் பிடித்துவிட்டான். நிலா என்று சொன்னவர்களிடம் “அப்படியென்றால் பின்னாலேயே ‘வெண்நிலவு’ எதற்கு?” என்று கேட்டால், கொஞ்ச நேரத்தில் மாதத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

பாரியின் கதையை எப்போது சொல்வது?

இரண்டாம் பீரியடின் பாதியில். முதலில் சொன்னால் பாட்டு கதைக்கு விளக்கப்படம் மாதிரி ஆகிவிடும். சொல்லாமலே விட்டால் ‘வென்றெறி முரசின்’ திறக்காது.

சுருக்கமாக: பறம்பு மலையும் முந்நூறு ஊரும் பாரியுடையவை. (பறம்பு இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள்.) மூவேந்தர்கள் முற்றுகையிடுகிறார்கள். படையால் அந்த மலையைக் கொள்ள முடியாது, ஆடியும் பாடியும் சென்றால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று கபிலர் 109ஆம் பாடலில் அந்த வேந்தர்களிடமே சொல்கிறார். பாரி வஞ்சனையால் கொல்லப்பட்டான் என்பது வழிவழியாக வரும் செய்தி. இவ்வளவு போதும். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை நான் இங்கே தொடுவதில்லை. தொட்டால் பீரியட் முழுக்க அங்கேயே போய்விடும். அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் பாட்டில் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

கதையைச் சொன்ன பிறகு உடனே பாட்டை மறுபடி படிக்க வைக்க வேண்டும். அப்போது நாலாவது வரியில் குரல் மாறுவதைக் கேட்கலாம்.

“நல்லா இருக்கு சார்” என்பதைத் தாண்டி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்களே?

“உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அந்தக் கேள்விக்குக் கைப்பிடி இல்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். மூன்றாம் பீரியட் முழுக்க இந்த ஒரு வேலைதான்.

நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘அன்று’, வலப்பக்கம் ‘இன்று’. பாட்டை வெட்டி இருபக்கமும் ஜோடி ஜோடியாக எழுத வேண்டும். அற்றைக்கு எதிரே இற்றை. அவ்வெண்நிலவுக்கு எதிரே இவ்வெண்நிலவு. எந்தையும் உடையேம் என்பதற்கு எதிரே எந்தையும் இலமே. பிறர் என்பதற்கு எதிரே வேந்தர். கொளார் என்பதற்கு எதிரே கொண்டார். பத்து நிமிடத்தில் எல்லோரும் முடித்துவிடுவார்கள்.

முடித்ததும் கேளுங்கள்: “ஜோடி கிடைக்காமல் எது நிற்கிறது?” தேடுவார்கள். ‘வென்றெறி முரசின்’ நிற்கிறது. ‘யாம்’ நிற்கிறது. இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். எல்லாவற்றையும் தராசில் வைத்த மாதிரி நிறுத்திப் பேசிய பெண்கள் இந்த முரசை மட்டும் ஏன் கூடுதலாக வைத்தார்கள்? வென்றவனைப் புகழும் அடைமொழிதானே அது, தந்தையைக் கொன்றவர்களையா புகழ்வார்கள்? வஞ்சனையில் முடிந்த போருக்கு வெற்றி முரசு அறைகிறவர்கள் என்று குத்திக் காட்டுகிறார்களோ என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அது இகழ்ச்சிக் குறிப்பு என்று உரையிலும் உண்டு என்பதை அப்புறம் சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள்.

‘யாம்’ இன்னும் நுட்பமானது. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் மாறாது, ‘இலம்’ என்பதிலேயே ‘நாம்’ இருக்கிறது. எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: “குன்றும் கொண்டார் எந்தையும் இலமே.” மறுபடி ‘யாம்’ சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். “அவங்க கொண்டாங்க, நாங்க… அப்படின்னு தனியா நிக்கற மாதிரி இருக்கு மிஸ்” என்று பக்கத்து வகுப்பில் ஒரு மாணவி சொன்னதாக அந்த ஆசிரியை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

கடைசியாக ஒன்று. முதல் பாதியில் தந்தை முதலில், குன்று அடுத்து. இரண்டாம் பாதியில் குன்று முதலில், தந்தை கடைசியில். ஏன் திருப்பினார்கள்? பதிலை நீங்கள் சொல்லாமல் மணி அடிக்கும் வரை பேச விடுங்கள்.

இப்படிக் கேள்விமேல் கேள்வி கேட்பது விடையை ஊட்டிவிடுவது ஆகாதா?

கேள்வி எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினால் அது வழிநடத்தல், என்ன தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னால் ஊட்டல். “ஜோடி இல்லாத சொல் எது?” என்பது முதல் வகை. “முரசு என்பதில் உள்ள இகழ்ச்சியை விளக்குக” என்பது இரண்டாம் வகை, அதில் கேள்வியே பாதி விடை.

எழுத்துக்கு வரும்போது முதலில் வாக்கியச் சட்டம் கொடுக்கிறேன்: “‘____’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் ____ போய்விடுகிறது. ‘____’ என்று இருந்திருந்தால் ____.” நாலாம் பீரியடில் இந்தச் சட்டத்தோடு இரண்டு சொல்லுக்கு எழுதுகிறார்கள். ஐந்தாம் பீரியடில் சட்டம் கிடையாது, “ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எட்டு வரியில் எழுது” என்பது மட்டும். ஆறாம் பீரியடில் பாட்டே புதியது. சட்டத்தை விலக்காமல் அலகு முழுதும் கொடுத்தால் அதுவும் இன்னொரு ‘காட்டுக்கு யானை’ ஆகிவிடும். எனக்கே ஒரு வருடம் அப்படி ஆனது, முப்பத்தெட்டு நோட்டிலும் “எடுத்துவிட்டால் அழகு போய்விடுகிறது” என்று ஒரே வரி.

பேச்சுத்தமிழில் பதில் சொன்னால் திருத்த வேண்டுமா?

பேசும்போது வேண்டாம். “அப்பாவும் போய்ட்டாரு, மலையும் போச்சு, நிலா மட்டும் அப்டியே கெடக்கு” என்று ஒரு பிள்ளை சொல்லும்போது குறுக்கே புகுந்து “கிடக்கிறது” என்று திருத்தினால் அடுத்த கை தூக்காது. தாய்மொழியில் கவிதை நடத்துவதில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதியே இந்தப் பேச்சுதான். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, “இதை எழுத்துநடைக்கு மாற்றுங்கள், ஆனால் அந்த ‘அப்டியே கெடக்கு’வில் இருக்கும் வெறுப்பு குறையக் கூடாது” என்று கேட்கலாம். கடினமான வேலை. ‘மாறாமல் இருக்கிறது’ என்று எழுதிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளே சரியில்லை என்பார்கள்.

வகுப்பில் தந்தையை இழந்த பிள்ளை இருந்தால் இந்தப் பாட்டை நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் பார்த்து. “உன் அப்பா இல்லாவிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?” என்ற கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள், பொதுவாகக்கூட வேண்டாம். சொந்த அனுபவத்தைத் தொட வேண்டுமென்றால் இடத்தைத் தொடுங்கள்: விட்டுவந்த வாடகை வீடு, வெட்டப்பட்ட மரம், மூடிய பெட்டிக்கடை. “அன்று, இன்று என்று நாலு வரி எழுது, வருத்தம் என்ற சொல் வரக்கூடாது” என்றால் போதும். அதில் தந்தையைப் பற்றி ஒரு பிள்ளை தானே எழுதினால் அதைப் படித்துக் காட்டச் சொல்லாமல், மதிப்பெண் போடாமல், கீழே உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்போது எதுகை, மோனை, பா வகை எல்லாம் வேண்டாமா? பரீட்சையில் தலைப்புப் போட்டுத்தானே கேட்கிறார்கள்?

வேண்டும். தலைப்புகளை விட வேண்டியதில்லை, அதன் கீழே எழுதுவதை மாற்றினால் போதும். “அற்றை, இற்றை: எதுகை” என்பது கண்டுபிடிப்பு மட்டும். “அற்றை, இற்றை இரண்டும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன, அந்த ஓர் எழுத்துக்குள் இவர்களுடைய முழு வாழ்க்கையும் போய்விட்டது” என்று ஒரு வரி சேர்த்தால் அது நயம். மோனையும் அப்படித்தான். அற்றை, அவ்வெண் என்று அகரமும், இற்றை, இவ்வெண் என்று இகரமும் அந்தந்த அடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சுட்டு விரல் தூரத்தையும் பக்கத்தையும் காட்டுகிற மாதிரி.

பா வகை: ஈற்றயலடி மூன்று சீரில் நிற்பதால் நேரிசை ஆசிரியப்பா. அந்தக் குறைந்த அடி எது என்று பாருங்கள், “வென்றெறி முரசின் வேந்தர் எம்”. ‘எம்’ என்று சொல்லி வரி முடிந்துவிடுகிறது, குன்று அடுத்த வரிக்குப் போய்விட்டது. இது நேரிசை ஆசிரியப்பாவின் பொது இலக்கணம்தான், இந்தக் கவிஞர்கள் மட்டும் செய்த மாயம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இங்கே அது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு பிள்ளை எழுதினால் மதிப்பெண் கொடுங்கள்.

சரி, மதிப்பெண் எப்படிப் போடுவது? நயத்துக்கு அளவுகோல் உண்டா?

பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். பாட்டிலிருந்து சரியான சொல்லை எடுத்துக் காட்டியதற்கு 3. அந்தச் சொல் என்ன செய்கிறது என்ற விளக்கத்துக்கு 4. அதைப் பாட்டு முழுவதோடும் இணைத்ததற்கு 2. மொழிக்கு 1. மொழிக்கு ஒன்றுதானா என்று கேட்பார்கள். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேறு கேள்விகள் நிறைய இருக்கின்றன.

இரண்டு விடையை வைத்துப் பார்ப்போம். முதலாவது:

“இப்பாடலில் பாரி மகளிர் தம் துயரத்தை மிக உருக்கமாகப் பாடியுள்ளனர். அற்றை, இற்றை என எதுகை பயின்று வந்துள்ளது. எளிய சொற்களால் அமைந்த இப்பாடல் படிப்போர் நெஞ்சை உருக்குகிறது. சந்த நயம் சிறப்பாக உள்ளது.”

பிழையே இல்லாத தமிழ். சான்றுக்கு 2, விளக்கத்துக்கு 0, இணைப்புக்கு 0, மொழிக்கு 1. மொத்தம் 3. அற்றை, இற்றையை நீக்கிவிட்டால் இதை எந்தக் கையறுநிலைப் பாட்டுக்கும் ஒட்டலாம்.

இரண்டாவது:

“நிலவு இரண்டு தடவை வருது. இரண்டு தடவையும் வெண்மைதான். அது மாறல. மாறினது இவங்க வாழ்க்கை மட்டும். நிலவையும் மாறினதா சொல்லியிருந்தா நமக்கு இவ்வளவு கஷ்டமா இருக்காது. எதுவுமே நடக்காத மாதிரி அது இருக்கு.”

பேச்சுநடை, மொழிக்கு 0. சான்றுக்கு 3. விளக்கத்துக்கு 4, ஏனென்றால் ‘மாறியிருந்தால்’ என்று மாற்றிப் பார்த்துவிட்டான். இணைப்புக்கு 1, குன்றையும் தந்தையையும் தொட்டிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். மொத்தம் 8. இந்த இரண்டு தாளையும் பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதி, மதிப்பெண் போடச் சொல்லி வகுப்பிடமே கொடுங்கள். முதலில் எல்லோரும் முதலாவதற்குத்தான் கூடுதலாகப் போடுவார்கள். காரணம் கேட்கும்போதுதான் திணறுவார்கள்.

பிள்ளை எதையாவது தப்பாகப் புரிந்து எழுதினால்? கவிதைக்குத்தான் பல பொருள் உண்டே?

பல பொருள் உண்டு, எல்லாப் பொருளும் இல்லை. “நிலா அவர்களுக்குச் சாட்சியாக நிற்கிறது” என்றால் ஏற்கலாம், இரு காலத்தையும் பார்த்தது அதுதானே. “நிலாவும் அவர்களோடு சேர்ந்து அழுகிறது” என்றால் எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். காட்ட முடியாது. “தந்தை ஊரை விட்டுப் போய்விட்டார்” என்று எழுதுவதைப் பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பென்று சொல்ல முடியாது, ‘இலம்’ என்றுதானே இருக்கிறது; துறையும் பின்னணியும் தெரிந்தபின் அது நிற்காது. இந்த மூன்றையும் வேறுபடுத்திச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

கடைசி மதிப்பீட்டுக்கு என்ன பாட்டு தருவது?

நடத்திய பாட்டைத் தராதீர்கள், அப்படித் தந்தால் நினைவாற்றலைத்தான் சோதிப்பீர்கள். நான் பாரதியின் ‘அக்கினிக் குஞ்சு’ தருகிறேன்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.

ஒரு வரி படத் தலைப்பாக எல்லோருக்கும் தெரியும், பரவாயில்லை. அருஞ்சொற்பொருளைத் தாளிலேயே கொடுத்துவிடுங்கள்: தழல் என்றால் நெருப்பு, மூப்பு என்றால் முதுமை. மூன்று கேள்விகள் தந்து ஏதாவது ஒன்றுக்கு விடை எழுதச் சொல்கிறேன், பத்து மதிப்பெண், நாற்பது நிமிடம்.

ஒன்று: ‘பொறி’ என்று சொல்லாமல் ‘குஞ்சு’ என்றது ஏன்? பொந்தில் வைக்கப்படுவது குஞ்சுதானே என்று பறவையைப் பிடித்துவிட்டால் நல்ல விடை. அதோடு நாலாம் வரியில் குஞ்சு திரும்ப வருவதையும் சேர்த்தால் இணைப்பு மதிப்பெண் இரண்டும் கிடைக்கும். இரண்டு: ‘வைத்தேன்’ என்பதற்கும் ‘வெந்து தணிந்தது’ என்பதற்கும் நடுவில் என்ன நடந்தது, கவிஞர் ஏன் அதைச் சொல்லவில்லை? மூன்று: கடைசி வரிக்குப் பொருள் கிடையாது, அதை வெட்டிவிடலாமா? மூன்றாவதை எடுக்கிறவர்கள் குறைவு, எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாக எழுதுகிறார்கள்.

இங்கே ‘நாட்டுப்பற்று’ என்று ஒரு சொல்லில் முடிக்கும் விடைகள் கட்டாயம் வரும். கவிஞர் பெயரைத் தாளில் போடாவிட்டால் அது பாதியாகக் குறைகிறது. திருத்தியபின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளியில் நாலு பீரியட்தான் கிடைக்கும். எதை வெட்டுவது?

முதல் இரண்டு பீரியடை ஒன்றாக்குங்கள். நாலும் ஐந்தும் ஒன்று, சட்டத்தோடு ஒரு சொல், சட்டமில்லாமல் ஒரு சொல். அன்று–இன்று கோடு போடுகிற மூன்றாம் பீரியடை மட்டும் தொடாதீர்கள். அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தாலும் பயன் இருக்காது, மறுநாள் எல்லா நோட்டிலும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய ஜோடிகள்தான் இருக்கும், ‘யாம்’ ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.